முகமில்லாத ஆசாமி

கனவில் முகமில்லாத ஒரு ஆள் வந்து நிற்பதாகவும், வாய் திறவாமல் தன்னையே பார்த்துக் கொண்டிருப்பதாகவும், போகுமிடமெல்லாம் பின்னாலேயே வருவதாகவும் சொல்லி நடுங்குகின்றவர்களை வாசகர்களில் அநேகர் பார்த்திருக்கலாம். சிலர் தாங்களே அக்கனவைக் கண்டுமிருக்கலாம். ஒரு கனவைப் பற்றி எழுதுவதற்குப் பத்திரிகையில் இடம் வேண்டுமா என்று கேட்கப்படலாம். வேண்டும் என்பதைக் கீழ்க்கண்ட சங்கதியால் அறியலாம்.

தென் ஜில்லாவில் ஒரு கிராமத்திலுள்ள நமது தோழர் ஒருவர் நேரில் வந்து சொன்னது இது. அவர் தம்பியின் மனைவிக்கு வயது இருபத்து மூன்று. கணவன் வெளிநாட்டில் வேலையிலிருக்கிறான். ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்பெண் ஒரே கனவைக் கண்டாள். கொல்லைக் கதவோரம் வெள்ளை வேஷ்டி கட்டிய ஒரு ஆள் நிற்கிறான். முகம் இருக்க வேண்டிய இடம் துடைத்த சிலேட்டைப் போல் வெறுமையாயிருக்கிறது. கண்ணே இல்லாவிட்டாலும் அவன் தன்னைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாய்த் தெரிகிறது. அடுப்படிக்குப் போனால் அங்கும் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். கத்த வாயெடுத்தால் சத்தம் வருவதில்லை. உடம்பெல்லாம் வேர்த்து விழித்துக் கொள்கிறாள்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கோடாங்கியை அழைத்தார்கள். அவன் உடுக்கையை அடித்து, எலுமிச்சம் பழத்தை அறுத்து, கருங்கோழி ஒன்றையும் ரூபாய் 8,000-த்தையும் வாங்கிக்கொண்டு, அந்த ஆளுக்கு முகம் உண்டென்றும், அது எதிர் வீட்டு விதவையின் முகமென்றும், அவள்தான் செய்வினை வைத்து ஆண் உருவில் ஏவி விட்டிருக்கிறாள் என்றும் சொல்லி விட்டுப் போனான். அந்த அம்மாளுக்கும் இவர்களுக்கும் சாக்கடைத் தண்ணீர் போவதைப் பற்றி ஒரு சிறு தகராறு இருந்தது ஊர் முழுவதும் அறிந்த விஷயம். கோடாங்கிக்கு அவ்வளவு போதாதா? அன்று முதல் அந்த அம்மாளுக்குத் தெருவில் வசவு. கல்யாணத்திற்கு அழைப்பில்லை. அவள் கடையில் சாமான் வாங்குவாரில்லை. கனவு மட்டும் நின்றதா என்றால், அதுவும் நிற்கவில்லை. முன்பு முகமில்லாமல் வந்தவன் இப்போது அந்த அம்மாளின் முகத்தோடு வருகிறான் என்பதுதான் கண்ட பலன்.

ஆகவே முகமில்லாத ஆசாமியைப் பற்றி விசாரிப்பது வீண் வேலையல்ல. அவனுடைய முகம் ஏன் வெறுமையாயிருக்கிறது என்பது நமக்குத் தெரியாத வரையில், அவ்வெறுமையான இடத்தில் எவனாவது ஒருவன் யாராவது ஒரு ஏழையின் முகத்தை ஒட்டி விட்டுக் கூலி வாங்கிக் கொண்டு போய்க்கொண்டுதான் இருப்பான்.

முதலாவதாக, ஒரு ஆள் இருக்கிறான் என்று அறிவதும், அவனுடைய முகத்தைப் பார்ப்பதும் ஒரே காரியம் என்று நாம் நினைக்கின்றோம். அது தப்பு. மூளையில் அவை வெவ்வேறு இடங்களில் நடக்கும் வெவ்வேறு வேலைகளாகும். 1947-ம் வருஷத்தில் போடாமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர், யுத்தத்தில் தலையில் காயம்பட்ட சிப்பாய்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்குக் கண் பார்வை உண்டு. எதிரில் மனிதன் நிற்பது தெரியும். மூக்கு, வாய் எல்லாம் தெரியும். ஆனால் அது யாருடைய முகம் என்பது மட்டும் தெரியாது. மூளையின் அடிப்பாகத்தில் காதுக்குப் பின்புறமாக முகங்களுக்கென்றே அதிகமாய் வேலை செய்யும் ஒரு பாகம் இருப்பதை 1997-ல் நான்சி கான்விஷர் என்னும் அமெரிக்க அம்மையாரும் அவருடைய சகாக்களும் எடுத்துக் காட்டினார்கள்.

தூக்கத்திலும் அப்படித்தானா என்றால், அதையும் பார்த்திருக்கின்றார்கள். 2017-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், பிரான்செஸ்கா சிக்லாரி என்னும் அம்மையாரும் ஜூலியோ டொனோனி முதலியவர்களும், தலை முழுவதும் மின்கம்பிகள் பதித்த தொப்பியை மாட்டிச் சிலரைத் தூங்க வைத்து, அடிக்கடி எழுப்பி, "இப்பொழுது என்ன கனவு கண்டாய்?" என்று கேட்டார்கள். கனவில் முகம் பார்த்ததாகச் சொன்னவர்களுக்கு, எழுப்புவதற்குச் சற்று முன்னால், விழிப்பில் முகம் பார்க்கும் அதே பாகத்தில் மின்வேகம் அதிகரித்திருந்தது. இதிலிருந்து நாம் ஊகிக்கக்கூடியது என்னவென்றால், கனவில் ஒரு ஆள் உண்டாவதற்கு வேண்டிய மற்ற பாகங்கள் வேலை செய்து, இந்த ஒரு பாகம் மட்டும் சரியாக வேலை செய்யாவிட்டால், ஆள் வருவான், முகம் வராது என்பதேயாகும். பூமாலை, வேஷ்டி, உடம்பு எல்லாம் வரைந்த ஓவியன் முகத்தை வரையுமுன் எழுந்து போய்விட்டால் படம் எப்படியிருக்குமோ அப்படியே இதுவும்.

ஆள் இருக்கிறான் என்கின்ற உணர்ச்சிக்கு உருவமே வேண்டியதில்லை என்பதற்கு ஒரு நல்ல அத்தாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் காக்காய் வலிப்புள்ள 22 வயதுப் பெண் ஒருத்திக்கு, வலிப்பு எங்கே ஆரம்பிக்கின்றது என்று கண்டுபிடிப்பதற்காக மூளையில் மின்முனைகள் வைத்துப் பரீட்சித்தார்கள். அவளுக்கு மனக்கோளாறு எதுவும் கிடையாது. இடது பக்கத்தில், பொட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட ஒரு இடத்தில் சிறிது மின்சாரம் செலுத்தியவுடன், தனக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதாக அவள் சொன்னாள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை; நிழல் போல் இருக்கிறது; பேசவில்லை; அசையவில்லை என்றாள். அவள் படுத்திருந்தால் அதுவும் படுத்திருந்தது. அவள் எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அதுவும் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டது. அது அவளுக்கு அருவருப்பாயிருந்தது. கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், அந்தச் சீட்டைப் பிடுங்கப் பார்க்கிறது என்றாள். மின்சாரத்தை நிறுத்தினால் ஆசாமி போய்விட்டான். ஆர்சி, பிளாங்கே முதலிய டாக்டர்கள் இதை 2006-ல் வெளியிட்டார்கள்.

இதன் தாத்பரியம் என்ன? அவள் செய்வதையே அதுவும் செய்தபடியால், அது வேறு யாருமல்ல, அவளேதான். தன் உடம்பு எங்கே இருக்கின்றது என்று கணக்கு வைக்கும் மூளையின் பாகம் குழம்பவே, தன் உடம்பையே பின்னால் நிற்கும் அந்நியனாக அவள் உணர்ந்தாள். இது விழிப்பில் நடந்ததேயொழியக் கனவில் நடந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனாலும் "பின்னால் யாரோ இருக்கிறான்" என்பது வெளியிலிருந்து வரவேண்டிய செய்தியல்ல, உள்ளேயே உற்பத்தியாகக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நிற்க. முகம் இல்லாமல் போவதற்குக் காரணம் சொன்னோம். முகம் இல்லாவிட்டால் பயம் ஏன் வரவேண்டும் என்பதே அடுத்த கேள்வி. ஜவுளிக் கடையில் புடவை சுற்றி நிறுத்திய பொம்மைக்கு முகமில்லை. கொல்லையில் நட்ட வைக்கோல் பொம்மைக்குச் சட்டி தவிர வேறு தலையில்லை. அவைகளைக் கண்டு யாராவது பயப்படுகிறார்களா? இல்லை. ஏனென்றால் அவை நம்மை ஒன்றும் செய்யக் கருதுவதில்லை என்பது நமக்குத் தெரியும். அதே வைக்கோல் பொம்மை அந்தி நேரத்தில் நாம் போகும் பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்ததாகத் தோன்றட்டும், பெரிய பகுத்தறிவுவாதியும் ஓட்டம் பிடிப்பார். ஆகையால் பயத்திற்குக் காரணம் முகமின்மை மாத்திரமல்ல. கருத்து இருக்கின்றது, ஆனால் அந்தக் கருத்து இன்னதென்று காட்டும் முகம் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் திகில் பிறக்கின்றது. உயிருள்ளதா இல்லாததா என்று தீர்மானிக்க முடியாத பொருளே மனிதனுக்கு விபரீதமாய்ப் படுகின்றதென்று யென்ட்ஷ் என்னும் ஜெர்மானியர் 1906-லேயே சொல்லியிருக்கிறார்.

மனிதன் முகத்தைப் படித்துத்தான் பிழைக்கின்றான். பிறந்து சில நிமிஷங்களே ஆன குழந்தைகூட, மற்ற கோடுகளைவிட முகம் போல வரைந்த படத்தைத் தலை திருப்பிப் பார்க்கும். அமெரிக்காவில் டிரானிக் என்பவர் 1970-களில் ஒரு பரீட்சை செய்தார். சிரித்துப் பேசிக் கொஞ்சிக்கொண்டிருந்த தாயைத் திடீரென்று முகத்தில் எந்தக் குறியும் காட்டாமல் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா பார்க்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கும். தாய் எங்கும் போகவில்லை, எதிரிலேயே இருக்கிறாள். ஆனால் அவள் முகத்திலிருந்து செய்தி நின்றுவிட்டது. அதுவே குழந்தைக்குத் தாங்கவில்லை. பெற்ற தாயின் முகம் பேசாவிட்டாலே இப்படியென்றால், யாரென்றறியாதவனுக்கு முகமே இல்லாவிட்டால் கேட்பானேன்?

இனி, கண்ணே இல்லாதவன் "என்னைத்தான் பார்க்கிறான்" என்பது எப்படி நிச்சயமாகின்றது? இதற்கும் விடையுண்டு. 2013-ல் மாரெஷால், கிளிபோர்டு, கால்டர் என்னும் மூவர், முகப்படங்களைக் காட்டி, அக்கண்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று சொல்லும்படி ஜனங்களைக் கேட்டார்கள். கண்கள் தெளிவாயிருந்தபோது சரியாகச் சொன்னார்கள். கண்களைக் கலங்கலாக்கிப் பார்வை தெரியாதபடி செய்தபோது, "தெரியவில்லை" என்று தோன்றுவதற்குப் பதிலாக, "என்னைத்தான் பார்க்கிறது" என்றே அதிகமாய்த் தோன்றியது. சந்தேகம் வந்தால் நம்மைத்தான் பார்க்கின்றதென்று வைத்துக்கொள்வது மூளையின் வழக்கம். அப்படி நினைத்துத் தப்பாய்ப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பார்க்கவில்லையென்று நினைத்துத் தப்பாய்ப் போனால் புலி வாயிலல்லவா விழவேண்டும்?

இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் எத்தனை பிழைப்பு நடக்கின்றது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சிற்பி விக்கிரகத்திற்குக் கடைசியாகத்தான் கண் திறக்கிறான். அதற்கு முந்திய நிமிஷம் வரையில் அது உளி பட்ட கல். மறு நிமிஷம் "சாமி பார்க்கிறது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். புது வீட்டு வாசலில் பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் எழுதிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கண் இருந்தாலும் பார்க்கிறது, இல்லாவிட்டாலும் பார்க்கிறது! பார்க்கின்ற தெய்வமும், பார்க்கின்ற பேயும், பார்க்கப்படுகிறோமென்று பயப்படும் நமது மூளையின் ஒரே கொட்டிலில் கட்டப்பட்ட இரண்டு மாடுகளேயாகும்.

விழித்திருக்கும்போது இந்தச் சந்தேகம் நெடுநேரம் நிற்பதில்லை. இருட்டில் யாரோ நிற்கிறானென்று தோன்றினால், விளக்கை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்துப் பார்க்கின்றோம், கொடியில் தொங்கும் வேஷ்டி என்று தெரிகின்றது, பயம் போய்விடுகின்றது. கனவில் அந்த வசதியில்லை. அங்கே விளக்கும் நமது கற்பனை. ஆளும் நமது கற்பனை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முகம் கிடைக்காது, ஏனென்றால் பார்ப்பதற்கு வெளியில் முகமே இல்லை. போதாக்குறைக்கு, கனவு மிகுந்த தூக்கத்தில் பயத்தை எழுப்பும் மூளைப் பாகம் சுறுசுறுப்பாயிருக்கின்றது, "இது எப்படி முடியும்?" என்று குறுக்கு விசாரணை செய்யும் நெற்றிப்பக்கத்துப் பாகம் மந்தமாயிருக்கின்றது. அத்தூக்கத்தில் கைகால் தசைகளும் தளர்த்தப்பட்டிருக்கின்றன. விழிப்பு வந்தும் இத்தளர்ச்சி நீங்காத சில நிமிஷங்களில்தான், மார்பின்மேல் யாரோ உட்கார்ந்ததாகத் தோன்றுகின்றது. அதற்கு "அமுக்குவான் பேய்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கின்ற வசனத்தின் யோக்கியதையும் இதிலேயே வெளியாகின்றது. கனவு மிகுந்த தூக்கம் சுமார் 90 நிமிஷத்திற்கு ஒரு தடவை வருகின்றது. இரவின் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம், விடியற்காலையில் அதிக நேரம். விடியற்காலையில் அதிலிருந்து நேரே விழித்துக்கொள்வதால் கனவு ஞாபகத்திலிருக்கின்றது. மற்றதெல்லாம் மறந்து போகின்றது. ஞாபகமிருப்பதைப் பலிப்பதென்று சொல்லுகின்றார்கள், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. கனவில் முகமில்லை என்று சொல்லுகின்றவர்கள் எல்லோருக்கும் கனவிலேயே முகமில்லாதிருந்தது என்று கொள்ளக்கூடாது. கனவில் பலபேர் வருகிறார்கள்; அவர்கள் இன்னாரென்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் "சும்மா தெரிந்தது" என்றே அநேகர் சொல்லுகின்றார்கள். விழித்தபின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தால் கிடைப்பதில்லை. கனவுக்குள்ளேயே அவ்வெறுமையைக் கண்டு திடுக்கிட்டோமா, அல்லது மறுநாள் சொல்ல உட்காரும்போதுதான் முகம் இல்லையென்று தெரிந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். முன்னது கனவின் குறை. பின்னது ஞாபகத்தின் குறை. இரண்டிலும் பேயின் பங்கு பூஜ்யம்.

இது நமது நாட்டிற்கு மாத்திரம் உள்ள பீடையுமல்ல. ஜப்பானில் முகமற்ற பிசாசைப் பற்றிப் பழைய கதைகள் உண்டு. லாப்காடியோ ஹெர்ன் என்பவர் 1904-ல் வெளியிட்ட புத்தகத்தில், டோக்கியோவில் இரவில் ஒரு வியாபாரி அழுதுகொண்டிருந்த பெண்ணைத் தேற்றப் போனதாகவும், அவள் முகத்தைத் தடவிக் காட்ட அதில் கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லையென்றும், ஓடிப்போய் ஒரு பலகாரக்காரனிடம் சொல்ல, அவனும் தன் முகத்தைத் தடவ, அது முட்டையைப்போல் ஆனதென்றும் சொல்லியிருக்கிறார். அப்பிசாசு யாரையும் கடிக்கவில்லை, அடிக்கவில்லை. முகமில்லையென்று காட்டியது மட்டுந்தான், அதுவே போதுமானதாயிருந்தது. நமது கிராமத்து விதவை டோக்கியோவுக்குமா செய்வினை அனுப்பினாள் என்று கோடாங்கியைக் கேட்கின்றோம்.

இனி, அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? நமது தோழருக்கு நாம் சொன்னதையே இங்கும் சொல்லுகின்றோம். அவள் பயம் பொய்யல்ல. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. கணவனைப் பிரிந்து, பிறர் வீட்டில் பலர் கண்காணிப்பில் பேச்சற்று இருக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரோ பார்க்கிறான், பின்னால் வருகிறான் என்று கனவு வருவதற்குப் பேய் வேண்டுமா? அவளோடு பேச ஆள் வேண்டும். அடுத்தபடியாக, பகலில் அவள் அக்கனவை ஒரு காகிதத்தில் எழுதட்டும். எழுதியபின் அதன் முடிவை அவள் இஷ்டப்படி மாற்றட்டும்: அவன் கையிலுள்ள விளக்கை வாங்கி அவன் முகத்தில் பிடிக்கட்டும், அல்லது கதவைச் சாத்திவிட்டு வந்து சோறு தின்னட்டும். மாற்றிய கதையைத் தினம் பத்து, இருபது நிமிஷம் மனதில் ஓட்டிப் பார்க்கட்டும். பலாத்காரத்திற்கு ஆளாகி ஓயாமல் கெட்ட கனவு கண்டுவந்த பெண்களுக்கு இம்முறையால் அக்கனவுகள் குறைந்தன என்று கிராகோ முதலிய அமெரிக்க வைத்தியர்கள் 2001-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இதற்குக் கோழியும் வேண்டாம், 8,000 ரூபாயும் வேண்டாம். விழித்திருக்கும்போதும் ஆள் நிற்பதாகத் தோன்றினால், அல்லது தூக்கத்தில் எழுந்து அடிக்க, உதைக்க ஆரம்பித்தால், அல்லது கனவுக்குப் பயந்து தூக்கத்தையே விட்டுவிட்டால், வைத்தியரிடம் போக வேண்டும்; உடுக்கைக்காரனிடமல்ல.

கடைசியாக ஒன்று. அந்த முகம் வெறுமையாயிருந்தது என்பதே அங்கே யாருமில்லை என்பதற்கு நல்ல சாட்சியாகும். அந்தச் சாட்சியை அழித்து, எதிர் வீட்டு அம்மாளின் முகத்தை அதில் எழுதியவன் கோடாங்கி. எழுத விட்டது அந்த வீட்டார். ஆமென்றது அந்த ஊர். நமது தோழர் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, தன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, தெருவறிய மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். கனவில் வந்தவனை விரட்டுவதைவிட அது முக்கியமான காரியம் என்பது நமது அபிப்பிராயம். அவ்வம்மாளைப்போல் இன்னும் எத்தனை பேர், பிறர் கண்ட கனவுக்காகத் தெருவில் வசவு வாங்கிக் கொண்டிருக்கிறார்களோ, அவரவர்கள் ஊரிலுள்ள தோழர்களே விசாரித்துப் பார்க்கட்டும்.